'நான் சொன்னது அது இல்லையே' என்கிற மேனேஜர்: கேட்பதா, எழுதி வைப்பதா, காட்டிவிட்டுச் செய்வதா?

பாதி வாக்கியத்தில் ஒரு வேலையைச் சொல்லிவிட்டுப் போகிறார். முடித்துக் கொடுத்ததும், "நான் கேட்டது இதா? புரியலைன்னா கேக்க வேண்டியதுதானே?" என்று பத்துப் பேர் முன்னால் திட்டுகிறார். இப்படிப்பட்ட மேனேஜரிடம் மாட்டிக்கொண்டவருக்கு ஆபீஸில் ஆளுக்கொரு யோசனை வரும். எல்லாத்தையும் மெயில்ல போட்டு வெச்சுக்கோ என்பார் ஒருவர். வாயத் தொறந்து கேளு என்பார் இன்னொருவர். எச்.ஆர். கிட்ட போ, பேசாம பேப்பர் போட்டுட்டு வா என்பவர்களும் உண்டு. இவை எல்லாமே சில இடங்களில் சரி, சில இடங்களில் வம்பு. எது எங்கே என்று பார்ப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: எதை வைத்து எடை போடுவது, உங்கள் மேனேஜர் எந்த ரகம்.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். இந்த வழி தவறு நடக்காமல் தடுக்குமா? தவறு நடந்துவிட்டால் பழியிலிருந்து உங்களைக் காக்குமா? எவ்வளவு நேரம் தின்னும்? மேனேஜரோடு உள்ள பேச்சுவார்த்தையை என்ன செய்யும்?

முதல் இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. மெயில் போட்டு வைத்தால் பழிக்கு ஒரு கேடயம் கிடைக்கும், ஆனால் அவர் அந்த மெயிலைப் படிக்கவே இல்லை என்றால் வேலை தப்பாகத்தான் முடியும், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திருத்துவது நீங்கள்தான். எல்லாவற்றையும் எழுத்தில் வைத்திருந்தும் நிம்மதி இல்லை என்று சொல்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான்.

## மேனேஜர் எந்த ரகம்

முதல் ரகத்துக்கு மனதில் எல்லாம் தெளிவாக இருக்கும். அது உங்களுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பாதியைத்தான் சொல்வார். இரண்டாவது ரகத்துக்குத் தனக்கு என்ன வேண்டும் என்பது தனக்கே தெரியாது. முடித்த வேலையைக் கண்ணால் பார்க்கும்போதுதான் எது வேண்டாம் என்பது அவருக்குப் புரியும். மூன்றாவது ரகம் வேண்டுமென்றே பிடி கொடுக்காமல் பேசுகிறவர். சரியாக வந்தால் தன் பேரில் போகும், தப்பினால் உங்கள் பேரில் இறங்கும்.

கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. 'இதுவா, அதுவா' என்று இரண்டே தேர்வு உள்ள ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். முதல் ரகம் உடனே ஒன்றைச் சொல்லிவிடுவார், சில சமயம் "இது கூடவா தெரியாது" என்ற அர்ச்சனையோடு. இரண்டாவது ரகம் "ரெண்டுமே போடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்பார். மூன்றாவது ரகம் எழுத்தில் பதிலே போட மாட்டார். போனில் கூப்பிடுவார், அல்லது இருக்கைக்கு வந்து பேசிவிட்டுப் போவார். ஒரு தடவை அப்படி நடந்தால் வேலை மும்முரம் என்று விட்டுவிடலாம். உங்களிடம் மட்டுமல்லாமல் டீமில் எல்லோரிடமும், எழுத்தில் கேட்கும்போதெல்லாம் வாய்மொழியாகவே பதில் வருகிறது என்றால் அது பழக்கம்.

என் அனுபவத்தில் மூன்றாவது ரகம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. திட்டு வாங்கிய கோபத்தில் எல்லோரையுமே அந்த ரகத்தில் சேர்த்துவிடுகிறோம்.

## ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்

எனக்குத் தெரிந்தது கணக்குப் பிரிவு என்பதால் உதாரணமும் அங்கிருந்தே. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் நடுத்தரக் கம்பெனி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் முடிந்து ஜூலையின் முதல் வெள்ளிக்கிழமை, மாலை நான்கரை. மேனேஜர் கையில் கார் சாவியோடு உங்கள் மேஜையைத் தாண்டிப் போகிறார். "ஜூன் வரைக்கும் பழைய பாக்கி லிஸ்ட் ஒண்ணு ரெடி பண்ணிடுங்க. பெரிய பார்ட்டிங்க மட்டும் போதும். திங்கக்கிழம காலைல வேணும்."

கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் 'பழைய' என்பதை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? மார்ச் 25 தேதியிட்ட எட்டு லட்ச ரூபாய் பில் ஒன்று, 45 நாள் கடன் தவணை. பில் தேதியிலிருந்து எண்ணினால் ஜூன் 30 அன்று அதற்கு 97 நாள், பட்டியலில் '90-க்கு மேல்' என்ற கட்டத்தில் சிவப்பாக நிற்கும். கெடு தேதியான மே 9-லிருந்து எண்ணினால் 52 நாள்தான், '31 முதல் 60' கட்டத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். டாலி கணக்கு மென்பொருளில் இரண்டு விதமாகவும் எடுக்கலாம், எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் விஷயம்.

'பெரிய பார்ட்டி' என்றால் பாக்கி அதிகமாக வைத்திருப்பவரா, வருடம் முழுக்க அதிகம் வாங்குபவரா? எந்த பில்லுக்கு என்று சொல்லாமல் வாடிக்கையாளர் அனுப்பிவிட்ட பணம் 'ஆன் அக்கவுண்ட்' என்று தனியாகத் தொங்கிக்கொண்டிருக்குமே, அதைக் கழித்துக் காட்டுவதா, அப்படியே விடுவதா? ரிப்போர்ட் எடுப்பது ஐந்து நிமிட வேலை. அந்தப் பணத்தை பில் பில்லாகப் பொருத்துவதுதான் சனிக்கிழமையை முழுசாக விழுங்கும்.

அவர் சொல்லாமல் விட்டது உண்மையில் ஒன்றே ஒன்று: இந்தப் பட்டியல் யாருக்கு. சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் ஈடாகக் காட்டி கேஷ் கிரெடிட் கடன் வாங்கிய பேங்குக்கு என்றால் பில் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டியிருக்கும். பெரும்பாலான கம்பெனிகளுக்கு 90 நாளைத் தாண்டிய பில்லை டிராயிங் பவர் கணக்கில், அதாவது எவ்வளவு கடன் எடுக்கலாம் என்ற கணக்கில், பேங்க் சேர்ப்பதில்லை, சரியான வரம்பு பேங்க் கடனை அனுமதித்துக் கொடுத்த சாங்ஷன் லெட்டரில் இருக்கும். யாருக்குச் சரக்கை நிறுத்துவது என்று டைரக்டர் முடிவெடுக்கத்தான் பட்டியல் என்றால் கெடு தேதிதான் நியாயம், கெடுவே வராத பார்ட்டியைப் போய் நெருக்க முடியாது. யாருக்கு என்று தெரிந்துவிட்டால் மற்ற சந்தேகங்களில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

## வழி 1: நின்ற இடத்திலேயே கேட்பது

மலிவான வழி. அரை நிமிடம் போதும். முதல் ரக மேனேஜரிடம் இதைத் தாண்டி வேறு எதுவுமே தேவைப்படாது.

ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "சரியாப் புரியல சார், என்ன வேணும்?" என்றால் அவர் அதே வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். தேதி எது, பார்ட்டி எது, ஆன் அக்கவுண்ட் பணம் எப்படி என்று அடுக்கினால் "எல்லாத்தையும் நானே சொல்லணும்னா நீங்க எதுக்கு?" என்று வரும். கேட்க வேண்டியது பயனை: "இது பேங்க்குக்கா சார், இல்ல கலெக்‌ஷனுக்கு டைரக்டர் பாக்கறதுக்கா?" ஒரே கேள்வி, இரண்டே பதில். நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போகலாம். வேலை தெரிந்தவர் கேட்கும் கேள்வியாகவும் அது ஒலிக்கும்.

மறைவான விலை இரண்டு. கூட்டத்தின் நடுவே, அவருக்கு மேலே இருப்பவர் முன்னால் கேட்டால், அவருக்கே பதில் தெரியாத பட்சத்தில் அவரை மாட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். அந்தக் கடனை அவர் வேறொரு நாள் தீர்த்துக்கொள்வார். இன்னொன்று, வாயால் கேட்டதற்கும் வாயால் சொன்னதற்கும் தடயம் இல்லை. மூன்றாவது ரகத்திடம் இந்த வழியை மட்டும் நம்பியிருந்தால் திங்கட்கிழமை "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்பதைக் கேட்கத் தயாராக இருக்க வேண்டும்.

## வழி 2: எழுதி உறுதிசெய்துகொள்வது

வேலையை ஆரம்பிக்கும் முன், அவர் சொல்லி ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். முடித்த பிறகு எழுதினால் அது சாக்கு. அதில் கேள்வி கேட்காதீர்கள், நீங்கள் செய்யப்போவதைச் சொல்லுங்கள். கேள்விக்குப் பதில் எழுத அவருக்கு நேரம் இருக்காது, ஆனால் தப்பாக ஒன்றைப் பார்த்தால் மட்டும் கை தானாகப் போகும்.

> "சார், பாக்கி லிஸ்ட் ஜூன் 30 வரைக்கும், பில் தேதியிலிருந்து எண்ணி எடுக்கறேன். பாக்கி அஞ்சு லட்சத்துக்கு மேல உள்ள பார்ட்டி மட்டும். ஆன் அக்கவுண்ட் பணத்தைக் கழிக்காம தனியா காட்டறேன். மாத்தணும்னா சொல்லுங்க, நாளைக்கு 10 மணிக்கு ஆரம்பிக்கறேன்."

நான்கு வரி. இதற்கு மேல் நீண்டால் படிக்க மாட்டார். மெயிலா வாட்ஸ்அப்பா என்பது அவர் எதைப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய பதிலை 15 நிமிடம் வரை திருத்தவும், சுமார் இரண்டரை நாள் வரை எல்லோருக்குமாக அழிக்கவும் முடியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முக்கியமான வேலை என்றால் அங்கே வந்த பதிலை மெயிலில் ஒரு வரி சேர்த்து அனுப்பிவிடுவது நல்லது.

இந்த வழிக்குத்தான் மறைவான விலை அதிகம், ஆனால் இதைப் பரிந்துரைப்பவர்கள் அதைச் சொல்வதே இல்லை. முதலில், சிசி. அவருடைய மேலதிகாரியைச் சேர்த்து அனுப்பினால் அது வேலைக் குறிப்பு அல்ல, புகார். பேசின சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் எழுதி அனுப்பினாலும் அதே கதிதான், 'நம்மள மாட்டிவிடத்தான் எழுதறான்' என்று நினைக்க ஆரம்பித்துவிடுவார். அரை நாளுக்கு மேல் எடுக்கும் வேலைக்கும், கம்பெனியை விட்டு வெளியே போகும் காகிதத்துக்கும் மட்டும் எழுதுங்கள். பயத்தில் ஆபீஸ் மெயிலை சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் செய்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். பல கம்பெனிகளில் அது தகவல் பாதுகாப்பு விதியை மீறுவது, மேனேஜரின் தவறை நிரூபிக்கப் போய் உங்கள் தவறு நிரூபணமாகிவிடும். தேதி, நேரம், என்ன சொன்னார் என்று சொந்த டைரியில் கையால் ஒரு வரி எழுதிக்கொண்டால் அந்த ஆபத்து இல்லை, வாடிக்கையாளர் பெயரையும் தொகையையும் மட்டும் விட்டுவிடுங்கள்.

எழுதி வைத்ததை எப்போது எடுப்பது? திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் அவர் கத்தும்போது போனை நீட்டி "இதோ பாருங்க சார்" என்றால் வாதத்தில் ஜெயிக்கலாம், அதற்குப் பிறகு அவரிடம் வேலை பார்க்க முடியாது. அந்த நேரத்தில் சொல்ல வேண்டியது: "கெடு தேதிலேந்து எண்ணி மாத்தணும், அவ்ளோதானே சார்? ரெண்டு மணி நேரத்துல தரேன்." மாற்றிக் கொடுத்த பிறகு, அவர் தனியாக இருக்கும்போது, "வெள்ளிக்கிழமை பில் தேதின்னு போட்டு அனுப்பியிருந்தேன் சார், நீங்க பாக்கலையோ?" என்று கேளுங்கள். கேள்வியாகவே கேளுங்கள். முதல் ரகம் அந்த இடத்தில் கொஞ்சம் அசடு வழிவார், அடுத்த தடவை மெசேஜைப் பார்ப்பார்.

உண்மையில் இந்தத் தடயம் தேவைப்படுவது மெமோ வரும்போதுதான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் 41-வது பிரிவின்படி, தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் நீக்க முடியாது. நோட்டீஸ் இல்லாமல் நீக்க வேண்டுமென்றால் ஒழுங்கீனக் குற்றச்சாட்டு விசாரணையில் ஆதாரத்தோடு பதிவாகியிருக்க வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஆலைக்குள் இருப்பவர்களுக்கும் நிலைமை வேறு, அங்கே வக்கீலைக் கேட்பதுதான் சரி. எப்படியிருந்தாலும் மெமோவுக்குப் பதில் எழுதும் அன்று கையில் இருக்க வேண்டியது தேதியோடு உள்ள அந்த நான்கு வரிகள்தான்.

## வழி 3: சின்னதாகச் செய்து காட்டிவிட்டு மீதியைச் செய்வது

எனக்குப் பிடித்த வழி இது. இரண்டாவது ரக மேனேஜரிடம் வேறு எதுவுமே பலிக்காது. அவரிடம் எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் வராது, பதில் அவரிடமே இல்லை. கண்ணில் ஒன்றைக் காட்டினால்தான் அவருக்குத் தெரியும். தையல்காரரிடம் கழுத்து எவ்வளவு இறக்கம் என்று வாயால் விவரித்துக்கொண்டிருப்பதைவிட அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிடுவது போலத்தான்.

நம் பட்டியலில் அது எப்படி நடக்கும்? மூன்றே மூன்று பார்ட்டி. அதில் ஒன்று அந்த மார்ச் 25 பில் உள்ள பார்ட்டியாக இருக்கட்டும், ஆன் அக்கவுண்ட் பணம் தொங்கும் பார்ட்டி இன்னொன்று. எளிதான பார்ட்டிகளை வைத்து மாதிரி காட்டினால் அவர் "ம், சரி" என்றுதான் சொல்வார், பிரச்சினை திங்கட்கிழமை வரை ஒளிந்திருக்கும். சண்டை வரக்கூடிய வரிகளையே மாதிரியில் வைக்க வேண்டும். இருபது நிமிடத்தில் எக்ஸலில் போட்டு, படமெடுத்து அனுப்பி, சனிக்கிழமை காலை ஒரு போன்: "இந்த பில் 97 நாள்னு வருது சார், கெடுலேந்து பாத்தா 52. எது காட்டட்டும்?" இதுவரை யோசிக்காதவர்கூட இந்த இடத்தில் யோசித்துத்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் அப்போதுதான் "டைரக்டர் மிஸஸ் பேரில இருக்கற பார்ட்டிய எடுத்துடுங்க" போன்ற, எந்தக் கேள்விக்கும் வந்திருக்காத தகவல்கள் வெளியே வரும்.

விலை என்ன? அரைகுறை வேலையை முடிந்த வேலையாக எடுத்துக்கொண்டு "டோட்டல் எங்க? பார்டர் கூட போடலையே" என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. தலைப்பிலேயே 'மாதிரி, 3 பார்ட்டி மட்டும்' என்று பெரிதாகப் போட்டுவிடுங்கள், அழகுபடுத்தாமல் அனுப்புங்கள். இன்னொரு ஆபத்து, பார்த்ததும் ஆசை வந்து "அப்படியே போன வருஷத்தோட கம்பேர் பண்ணிடுங்க" என்று வேலை பெருகுவது. "பண்ணலாம் சார், ஆனா அது செவ்வாய்க்கிழமைதான் ஆகும்" என்று அங்கேயே நாளைச் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் அது தாமதம் என்ற பழியாகத் திரும்பும்.

மாதிரி காட்டவே முடியாத வேலைகளும் இருக்கின்றன. வாடிக்கையாளரிடம் போனில் பேசுவது, பணம் அனுப்புவது, சரக்கை வண்டியில் ஏற்றுவது எல்லாம் ஒரு தடவை செய்தால் செய்ததுதான். அங்கே வழி 2-ஐ விட்டால் வேறு கதி இல்லை, அவர் பதில் தரும்வரை தொடங்காமல் இருப்பதே நல்லது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | தவறைத் தடுக்குமா | பழியிலிருந்து காக்குமா | நேரம் | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| நின்ற இடத்தில் கேட்பது | முதல் ரகத்திடம் நன்றாக | இல்லை | அரை நிமிடம் | அன்றாடச் சின்ன வேலை |
| எழுதி உறுதிசெய்வது | அவர் படித்தால் மட்டும் | ஆம் | ஐந்து நிமிடம் | மூன்றாவது ரகம், திரும்ப எடுக்க முடியாத வேலை |
| மாதிரி காட்டுவது | ஆம் | எழுத்தில் அனுப்பினால் ஓரளவு | அரை மணி | இரண்டாவது ரகம், பெரிய ரிப்போர்ட் |
| தனியாகப் பேசுவது | காலப்போக்கில் | இல்லை | ஒரு முறை | முதல் இரண்டு ரகம் |
| மேலே போவது, மாறுவது | இல்லை | சில சமயம் | மாதங்கள் | மூன்றாவது ரகம் மட்டும் |

## வழி 4: தனியாக உட்கார்ந்து பேசுவது

திட்டு வாங்கிய அன்று வேண்டாம். நான்கைந்து நாள் கழித்து, ஒரு வேலை நன்றாக முடிந்த நாளில் பத்து நிமிடம் கேளுங்கள். 'நீங்க தெளிவா சொல்றதில்ல' என்பது அவர் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். நடந்த இரண்டு சம்பவங்களை மட்டும் சொல்லி, ஒரு ஏற்பாட்டைக் கேளுங்கள்: "ரெண்டு தடவையும் வேலை ரெட்டிப்பாச்சு சார். இனிமே பெரிய ரிப்போர்ட்டுன்னா மூணு வரி மாதிரி அனுப்பறேன், அன்னிக்கே ஓகே சொல்லிடுங்க." மன்னிப்போ ஒப்புதலோ எதிர்பார்க்காதீர்கள், அந்த ஏற்பாடு கிடைத்தால் போதும். மூன்றாவது ரகத்திடம் இந்தப் பேச்சு எதிர்விளைவுதான், நீங்கள் கவனித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை அவருக்குத் தெரிவித்து உஷாராக்கும்.

## வழி 5: மேலே போவது, அல்லது இடம் மாறுவது

எச்.ஆர். கம்பெனியின் பிரிவு, உங்கள் பக்கத்து வக்கீல் அல்ல. 'எம்மேல கத்தறாரு' என்று போனால் "ரெண்டு பேரும் பேசிக்கோங்க" என்று திரும்பி வரும், போன செய்தி மட்டும் மேனேஜருக்குப் போய்ச் சேரும். எடுபடுவது கம்பெனிக்கு ஆன செலவு: இந்தத் தேதியில் இப்படி எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை, மூன்று நாள் வேலை திரும்பச் செய்யப்பட்டது, பேங்குக்கு ஸ்டேட்மென்ட் தாமதமானது. அப்படி இரண்டு மூன்று இருந்து, டீமில் இன்னொருவரும் அதையே சொல்லத் தயாராக இருந்தால் போகலாம். தனியாகப் போனால் அது உங்கள் 'ஆட்டிட்யூட்' பிரச்சினையாக முடிய வாய்ப்பு அதிகம்.

வேறு டீமுக்கு மாற்றல் கிடைத்தால் வேலையை விடுவதைவிட அது மேல். கேட்கும்போது மேனேஜரைப் பற்றி வாயே திறக்காமல், கற்றுக்கொள்ள விரும்பும் வேலையைக் காரணமாகச் சொல்லுங்கள், ஏனென்றால் பல இடங்களில் அந்த மாற்றலுக்கு அவர் கையெழுத்துத்தான் வேண்டும். பேப்பர் போடுவது என்று முடிவானால் முதலில் நோட்டீஸ் காலத்தைப் பாருங்கள். ஓ.எம்.ஆர். கம்பெனிகள் பலவற்றில் அது 90 நாள், அந்த மூன்று மாதமும் இதே மனிதரிடம்தான் வேலை, ரிலீவிங் லெட்டருக்கு முன் ஒப்படைப்பைச் சரிபார்ப்பவரும் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். அதனால் ஒப்படைக்கும் பட்டியலை ராஜினாமா கொடுத்த வாரமே எழுதி அனுப்பி, ஒவ்வொன்றும் முடிய முடிய யாரிடம் கொடுத்தீர்கள் என்பதைத் தேதியோடு சேர்த்துக்கொண்டே வாருங்கள்.